படம் வீட்டைத் தாண்டாத கதவுக் கேமரா: ஒரு வரலாற்று ஆய்வு

வாசலில் நிற்பது மனிதர்தானா என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவுக்காகப் படம் எவ்வளவு தூரம் பயணிக்கிறது? கதவுக் கேமராவின் வரலாற்றை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே படிக்கலாம். படத்தை வெளியே அனுப்பாத கேமரா அண்மைக் காலப் புதுமையாக விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் முதல் கேமராவே அப்படித்தான் இருந்தது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரௌன், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966இல் ஒரு வீட்டுக் காவல் அமைப்புக்குக் காப்புரிமை கோரினார்; 1969 டிசம்பரில் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளறையில் ஒரு திரை. படம் வீட்டுக்குள்ளேயே நின்றது. வந்தவரை அடையாளம் கண்டது வீட்டுக்காரரின் கண்.

இணையம் வந்தபின் நிலைமை தலைகீழானது. 2013இல் வந்த டோர்பாட், பின்னாளில் ரிங் என்று பெயர் மாறியது. இவ்வகை அழைப்பு மணிகள் அசைவை உணர்ந்ததும் காணொளியை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பின. அசைவு உணரிக்கு மனிதரும் நாயும் வெயிலில் சூடான காரும் ஒன்றுதான். பொய் எச்சரிக்கைகள் குவிந்தன. அவற்றைக் களைய நெஸ்ட் நிறுவனம் 2016இல் மனிதரைப் பிரித்தறியும் வசதியைச் சந்தாவுக்குத் தந்தது. ஆனால் பகுத்தறிதல் சர்வரில் நடந்ததால், படம் போயே தீரவேண்டும். போன படத்தை யார் பார்ப்பார்கள் என்ற அச்சம் வீணானதல்ல. வாடிக்கையாளர்களின் காணொளிகளை ஊழியர்கள் பார்க்க இடம் கொடுத்ததாக ரிங் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு, 2023இல் 58 லட்சம் டாலரில் முடிந்தது.

திருப்பம் கணக்கைச் சுருக்கியதில் வந்தது. கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட மொபைல்நெட், வழக்கமான நரம்பு வலைப்பின்னலின் பெருக்கல்களை எட்டு, ஒன்பது மடங்கு குறைத்தது. 2019இல் அதே நிறுவனத்தார் ‘விஷுவல் வேக் வேர்ட்ஸ்’ என்ற சோதனைத் தொகுப்பை அமைத்தார்கள். படத்தில் மனிதர் உண்டா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு, சுமார் 250 கிலோபைட் நினைவகத்துக்குள் விடை சொல்ல வேண்டும்.

இந்தச் சுருக்கம் எதை விலையாகக் கேட்கிறது? 640×480 வண்ணப்படம் ஒன்றுக்கே 9,21,600 பைட் வேண்டும். மலிவான ஈஎஸ்பி32 சிப்பின் உள் நினைவகமோ 520 கிலோபைட். அதனால் படத்தை 96×96 சாம்பல் நிறப் படமாகக் குறைக்கிறார்கள்: 9,216 பைட். கேமராவின் செங்குத்துப் பார்வைக்கோணம் 50 பாகை என்று கொள்வோம். நான்கு மீட்டர் தூரத்தில் நிற்கும் 1.7 மீட்டர் உயர மனிதர் ஏறத்தாழ 44 பிக்சல் உயரம் இருப்பார். எட்டு மீட்டரில் 22 தான். வாசல்படிக்கு இது போதும், தெருமுனைக்குப் போதாது. பொய் எச்சரிக்கையைத் தவிர்க்க, மூன்று படங்களில் தொடர்ந்து ‘மனிதர்’ என்று வந்தால் மட்டும் அறிவிக்கச் சொல்வது வழக்கம். மின்னி மறையும் நிழலுக்கு அது மருந்து. கொக்கியில் தொங்கும் மேலங்கியை மனிதர் என்று எண்ணிவிட்டால் மூன்று படத்திலும் அதே தவறுதான் வரும். ஒரே இடத்திலிருந்து, ஒரே அளவு உறுதியுடன் திரும்பத் திரும்ப எச்சரிக்கை வந்தால் காரணம் அதுதான்; கேமராவின் கோணத்தை மாற்றுவதே வழி.

ஆக, கண்டறிதல் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. தொலைபேசிக்குப் போகும் அறிவிப்பு ஆப்பிள் அல்லது கூகுளின் சர்வர் வழியாகவே போகிறது. ஓர் அறிவிப்பில் அதிகபட்சம் 4 கிலோபைட் வைக்கலாம். ‘வாசலில் ஆள்’ என்ற சொல்லுக்கு நூறு பைட் போதும். கூடவே முகத்தைக் காட்டும் சிறுபடம் வேண்டுமென்றால் அதற்கு 4 கிலோபைட்டில் இடம் கிடைப்பது அரிது. படத்தை ஒரு சர்வரில் வைத்து, அதன் முகவரியைத்தான் அனுப்ப வேண்டும்.

யூஃபி நிறுவனம் சிக்கியது இங்கேதான். எல்லாம் வீட்டிலேயே சேமிக்கப்படும் என்று விற்கப்பட்ட அதன் அழைப்பு மணி, சிறுபடங்களை அமேசான் சர்வருக்கு அனுப்புவதை 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். படத்தோடு கூடிய அறிவிப்பைத் தேர்ந்தவர்களுக்காகவே அது என்றும், அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் நிறுவனம் விளக்கியது. முழுக் காணொளி சேமிக்கப்படவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வாசலுக்கு வந்தவரின் முகம் வெளியேறியது, வாங்கியவரிடம் சொல்லப்படவில்லை. என் கணிப்பில் இது சில்லறைப் பிழையல்ல. ‘பதிவேற்றம் இல்லை’ என்ற வாக்குறுதியின் மையத்தையே அது உடைத்தது.

உங்கள் கேமராவை நீங்களே சோதிக்கலாம். ரூட்டரில் அந்தக் கருவி அனுப்பும் தரவின் அளவைக் கவனியுங்கள். நேரலையைத் திறக்காமல் வாசலில் நடந்து பாருங்கள். நொடிக்கு 1 மெகாபிட் காணொளி ஒரு நிமிடத்தில் 7.5 மெகாபைட் ஏற்றும். சிறுபடம் சில பத்து கிலோபைட். வெறும் சொல் அறிவிப்பு ஓரிரு கிலோபைட்தான். அளவு எகிறினால் முதலில் அறிவிப்பு அமைப்பில் ‘எழுத்து மட்டும்’ என்பதைத் தேர்ந்துவிட்டு மறுபடி நடந்து பாருங்கள்.