பாடல் போய்ச் சேர்கிறது, பெயர் போய்ச் சேருமா? வானொலி இல்லாத காலத்தில் சிறு ரொக் குழுக்கள்

கலக்சி 500 என்ற ரொக் இசைக்குழுவின் பெயரை எமது வாசகர்களில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் 1987இல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய குழு அது. மூன்று அல்பங்களை வெளியிட்டுவிட்டு 1991இல் பிரிந்துவிட்டார்கள். பிரிந்து கால் நூற்றாண்டு கழித்து, 2017 ஜனவரியில், அவர்களுடைய ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்ற பாடல் ஸ்பொட்டிஃபையில் திடீரென மேலே ஏறத் தொடங்கியது. 1989இல் வந்த ‘ஒன் ஃபயர்’ அல்பத்தில் உள்ள பாடல் அது. குழுவினர் அதற்காக எதுவும் செய்யவில்லை. மற்ற இசைச் சேவைகளில் அந்தப் பாடல் அப்படி ஏறவும் இல்லை.

குழுவின் மேளக் கலைஞர் டேமன் குருகோவ்ஸ்கி இதன் காரணத்தைத் தேடினார். ஸ்பொட்டிஃபையில் தரவுகளைக் கையாண்ட கிளென் மெக்டொனல்ட் கணக்குகளைப் பார்த்து விடை சொன்னார். அந்த மாதத்தில்தான் ‘ஓட்டோப்ளே’ என்ற வசதி எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டிருந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த அல்பம் முடிந்ததும், அதை ஒத்த வேறு பாடல்களைக் கணினியே எடுத்து ஓடவிடும். கலக்சி 500 பாடல்களில் மற்றக் குழுக்களின் பாடல்களோடு அதிகம் ஒத்துப்போனது ‘ஸ்ட்ரேஞ்ச்’. ஆகவே கணினி அதையே திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. அந்தக் குழுவின் தனித்தன்மை எந்தப் பாடலில் அதிகம் இருக்கிறது என்று அது பார்க்கவில்லை. எந்தப் பாடல் இடைஞ்சல் இல்லாமல் அடுத்ததாகப் பொருந்தும் என்றுதான் பார்த்தது.

இன்றைய சுயாதீன ரொக் குழுக்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. பாடல் இன்று முன்னெப்போதையும்விட இலகுவாகப் பயணிக்கிறது. பாடியவரின் பெயர் அதனோடு பயணிப்பதில்லை.

வானொலிக் காலத்தில் இது வேறுமாதிரி இருந்தது. அமெரிக்காவில் எஃப்.எம். அலைவரிசையின் 88 முதல் 92 மெகாஹேட்ஸ் வரையான பகுதி வர்த்தக நோக்கற்ற நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழக வானொலிகள் பல அங்கேதான் இயங்கின. 1980களில் சிறு குழுக்களை வளர்த்தவை அவையே. ஒரு மாணவர் இரவில் தனக்குப் பிடித்த இசைத்தட்டைப் போடுவார். போட்டு முடிந்ததும் பாடலின் பெயரையும் குழுவின் பெயரையும் சொல்வார். கேட்டவர் அதைக் குறித்துவைத்து அடுத்த நாள் இசைத்தட்டுக் கடைக்குப் போய் விசாரிப்பார். வர்த்தக வானொலிகளின் கதவோ சிறு குழுக்களுக்கு எப்போதும் ஒடுக்கமானது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதன் பின் ஒரு நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைத் தன் கையில் எடுத்தது. நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே பட்டியல் ஒலிக்கும்போது அந்த ஊர்க் குழுவுக்கு இடம் கிடைக்காது.

மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எமது தலைமுறைக்கு அறிவிப்பாளரின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. பாடியவர் யார், இசை யார், எந்தப் படம் என்று ஒரு குரல் சொன்னதால்தான் அந்தப் பெயர்கள் இன்றும் எமக்கு மனப்பாடம். பிளேலிஸ்ட்டில் அந்தக் குரல் இல்லை. பெயர் திரையில் இருக்கும். ஆனால் தொலைபேசி சட்டைப்பைக்குள் இருக்கும்.

சரி, ஒரு சிறு குழு இப்போது என்ன செய்கிறது? முதலில் பகிர்வு நிறுவனம் ஒன்றினூடாகப் பாடலை எல்லாச் சேவைகளுக்கும் அனுப்புகிறது. ஸ்பொட்டிஃபையில் கலைஞர்களுக்கென உள்ள பக்கத்தில், இன்னும் வெளிவராத ஒரு பாடலைத் தொகுப்பாசிரியர்களின் பார்வைக்குச் சமர்ப்பிக்கலாம். எந்த வகை இசை, என்ன மனநிலை, என்னென்ன வாத்தியங்கள் என்று அங்கே குறிப்பிட வேண்டும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்னதாக இதைச் செய்தால், அந்தக் குழுவைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அந்தப் பாடல் சேரும். தொகுப்பாசிரியர் தெரிவு செய்யாவிட்டாலும் இது நடக்கும். அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் பத்துப் பாடல்களை ஒரே நாளில் கொட்டுவதில்லை. சில வாரங்களுக்கு ஒன்றாக விடுகின்றன. ஒவ்வொரு தடவையும் பழைய கேட்போரை மீண்டும் தட்டியெழுப்ப ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

பாடல் 30 செக்கன்கள் ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் தாண்டிப் போனவர்கள் எத்தனை, தம் சேமிப்பில் சேர்த்தவர்கள் எத்தனை, திரும்பவும் கேட்டவர்கள் எத்தனை என்பவற்றையும் இயந்திரம் கவனிக்கிறது. நீண்ட முன்னிசையோடு தொடங்கும் ரொக் பாடல்கள் இன்று குறைந்து, குரல் விரைவிலேயே வருவதற்கு இந்த அழுத்தமும் ஒரு காரணம்.

குறுங்காணொளியின் வழி வேறு. சிகாகோ நகரின் பீச் பனி என்ற குழுவை எடுத்துக்கொள்வோம். லிலி டிரிஃபிலியோ என்ற இளம்பெண் 2015இல் தனியாகத் தொடங்கியது, பின்னர் நால்வர் குழுவானது. உடல்தோற்றம் பற்றி இளம்பெண்கள் மீது விழும் அழுத்தத்தைப் பாடும் ‘ப்ரொம் குயீன்’ பாடலை அவர்கள் 2018இல் பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் வெளியிட்டார்கள். 2019இல் அந்தப் பாடலின் சிறு துண்டு டிக்டொக்கில் பரவியது. பரப்பியவர்கள் குழுவினர் அல்லர். தம் சொந்தக் கதையை அந்தத் துண்டுக்கு மேல் வைத்துப் படம்பிடித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள். வானொலி நேயர் கேட்பதோடு நின்றார். இங்கே கேட்பவர் அந்தப் பாடலைத் தனக்கெனப் பாவிக்கிறார். ஆகவே பரவுவது பெரும்பாலும் பாடலின் சிறந்த பகுதி அல்ல. மற்றவர் தன் வாழ்க்கையை வைத்துப் பார்க்க இடம் விடுகிற பகுதி.

பெயர் தொலைந்துபோவதும் இங்கேதான். பாடல் டிக்டொக்கின் இசை நூலகத்தில் முறைப்படி இல்லாவிட்டால், யாராவது அதை வெட்டித் தன் ‘மூல ஒலி’ என்று ஏற்றிவிடுவார். சிலர் வேகத்தைக் கூட்டியும் ஏற்றுவார்கள். இலட்சம் பேர் அதைப் பாவித்தாலும் குழுவின் பெயர் எங்கும் இராது. எனவே பாடலை வெளியீட்டு நாளிலேயே அந்த நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். எந்தச் செக்கனிலிருந்து துண்டு தொடங்க வேண்டும் என்று குறிப்பிடும் வசதி சில பகிர்வு நிறுவனங்களிடம் உண்டு. அதைக் குழுவே தீர்மானிப்பது நல்லது.

பரவிய பின்பு என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. பேவ்மென்ட் என்ற அமெரிக்கக் குழுவின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். ‘ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்’ 1997இல் வந்த அவர்களது அல்பத்தில் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்ட பாடல். 1999இல் ஒரு சிறு வெளியீட்டின் மறுபக்கத்தில் போட்டார்கள். ‘ஸ்ட்ரேஞ்ச்’ போலவே இதையும் ஸ்பொட்டிஃபையின் கணினி தூக்கிவிட்டது. குழுவின் அதிகம் கேட்கப்படும் பாடலாகவே அது மாறியது. பின்னர் டிக்டொக்கிலும் பரவியது. 2022இல் குழு மீண்டும் கூடியபோது அந்தப் பழைய ஒதுக்கல் பாடலுக்குப் புதிதாக ஒரு காணொளி எடுத்து வெளியிட்டார்கள். மேடைகளிலும் பாடினார்கள். ஊர் பேர் தெரியாமல் அலைந்துகொண்டிருந்த பாடலைப் பிடித்துவந்து தம் பெயரை அதன் மேல் எழுதினார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். பீச் பனியும் ஒரே துண்டோடு நிற்கவில்லை. 2020இல் முதலாவது முழு அல்பத்தை வெளியிட்டார்கள். அதில் உள்ள ‘க்ளவுட் 9’ 2021இல் மீண்டும் பரவியபோது, அவர்களைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

ஒரு குழு தனக்குக் கிடைத்தது உண்மையான நேயர்களா, வெறும் போக்குவரத்தா என்று அறிய ஒரு எளிய கணக்கு உண்டு. உதாரணத்துக்கு, ஒரு மாதத்தில் 10,000 பேர் 11,000 தடவை கேட்டிருந்தால், ஆளுக்கு ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு பட்டியலில் பாடல் கடந்து போயிருக்கிறது. பட்டியலிலிருந்து எடுத்தால் அந்த 10,000 பேரும் மறைவார்கள். இன்னொரு குழுவை 2,000 பேர் 9,000 தடவை கேட்டிருந்தால், அது சிறிய ஆனால் தேடிவரும் கூட்டம். மண்டபம் எடுத்து நிகழ்ச்சி வைக்கலாம் என்றால் இரண்டாவது குழுதான் வைக்கலாம்.

பணம் தந்தால் பட்டியலில் போடுகிறோம் என்று வருபவர்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்பொட்டிஃபையின் சொந்தத் தொகுப்பாசிரியர்களின் பட்டியலில் இடம் விலைக்கு வராது. வெளியார் விற்கும் பட்டியல்கள் பலவற்றில் கேட்பது மனிதர்கள் அல்ல, இயந்திரங்கள். ஒரே நாளில் எண்ணிக்கை பாயும், பாடலைச் சேமித்தவர் எவரும் இரார், குழுவுக்குத் தொடர்பே இல்லாத ஒரு நகரத்தில் கேட்போர் குவிந்திருப்பார்கள். இதைக் கண்டுபிடித்தால் சேவை நிறுவனம் பாடலையே நீக்கலாம். பணமும் போய், பாடலும் போகும்.

வருமானத்தைப் பற்றியும் மயக்கம் வேண்டாம். குருகோவ்ஸ்கி 2012இல் தன் கணக்கை வெளியிட்டார். கலக்சி 500இன் ‘டக்போட்’ பாடல் மூன்று மாதங்களில் ஸ்பொட்டிஃபையில் 5,960 தடவை ஓடியதற்குப் பாடலாசிரியர்கள் என்ற வகையில் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 1 டொலர் 5 சதம். 2024 முதல், 12 மாதங்களில் 1,000 தடவைகூட ஓடாத பாடலின் ஒலிப்பதிவுக்கு ஸ்பொட்டிஃபை எதுவுமே கொடுப்பதில்லை. ஆனால் வானொலிக் காலத்தைப் பொற்காலமாக்குவதும் சரியல்ல. அமெரிக்க வானொலி இன்றுவரை பாடலை எழுதியவருக்குத்தான் பணம் கொடுக்கிறது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கொடுப்பதில்லை. அன்றும் இன்றும் ஒலிபரப்பு ஒரு அறிமுகம்தான். நிகழ்ச்சிச் சீட்டு, இசைத்தட்டு, சட்டை ஆகியவற்றை விற்றுத்தான் சிறு குழுக்கள் பிழைக்கின்றன.

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021இல் வந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கிற்றாரோடு தொடங்கும் பிள்ளைகளுக்கும் அதே பக்கம், அதே 7 நாட்கள், அதே 30 செக்கன்கள்தான். அவர்கள் செய்யக்கூடிய மிகவும் பயனுள்ள வேலை, காணொளியின் முதல் செக்கன்களிலேயே தம் முகத்தையும் குழுவின் பெயரையும் வைப்பதும், நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் மின்னஞ்சலை ஒரு கொப்பியில் எழுதி வாங்குவதும் ஆகும். பிளேலிஸ்ட்டை நாளை இன்னொருவர் மாற்றலாம். கொப்பியில் உள்ள பெயர்களுக்கு அடுத்த நிகழ்ச்சியின் திகதியை அவர்களே எழுதி அனுப்பலாம்.