புதிய டிரைவரும் காலியான கேச்சும்: கேம் திக்கலின் காரணத்தைப் பிரித்தறிதல்

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த அன்றே, அதுவரை சீராக ஓடிய கேம் திக்கத் தொடங்கினால் பழி டிரைவர் மீது விழுகிறது. பழைய பதிப்புக்குத் திரும்பியதும் திக்கல் நின்றுவிட்டால், குற்றம் நிரூபணமாகிவிட்டதாகவே பலரும் கொள்கிறார்கள். அந்தச் சோதனை எதையும் நிறுவுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் நிரம்பிய ஷேடர் கேச் இருக்கிறது, மறுபக்கம் காலியான கேச்.

டைரக்ட்எக்ஸ் 12 கேம் தன் ஷேடர்களை எல்லா ஜிபியூக்களுக்கும் பொதுவான இடைநிலைக் குறியீடாகத்தான் கொண்டுவருகிறது. அதை நம் கணினியில் உள்ள ஜிபியூவின் இயந்திரக் குறியீடாக மாற்றுவது டிரைவரின் வேலை. ஒரு வெடிப்பு முதன்முறை திரையில் தோன்றும் கணத்தில் அந்த வேலை நடந்தால், அது முடியும்வரை ஃபிரேம் காத்துக் கிடக்கிறது. முடிந்த குறியீடு வட்டில் சேமிக்கப்படுவதால் அடுத்த வெடிப்புக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. டிரைவர் பதிப்பு மாறினால் அதன் கம்பைலரும் மாறியிருக்கலாம். எனவே பழைய சேமிப்பு செல்லாது. கேமின் பேட்ச் ஷேடர்களைத் திருத்தியிருந்தால், திருத்தப்பட்டவற்றுக்கு மட்டும் இதே கதி. பழைய டிரைவரின் கேச் கோப்புகள் வட்டிலேயே தங்கியிருந்தால், திரும்பிப் போனவருக்கு அவை உடனே கைகொடுக்கும். கேச்சை அழிக்கச் சொல்லும் பிரபலமான அறிவுரையும் இங்கே இடறுகிறது. கோப்பு சிதைந்திருந்தால் அழிப்பதில் பொருளுண்டு. மற்றபடி, ஏற்கெனவே முடிந்த வேலையை மறுபடி செய்ய வைப்பதுதான் அதன் பலன்.

இந்தத் திக்கலைச் சராசரி எஃப்.பி.எஸ். காட்டிக்கொடுக்காது. இரண்டு நிமிட ஓட்டத்தில் பத்து ஃபிரேம்கள் தலா 100 மில்லி விநாடி எடுத்தன என்றும், மற்றவை எல்லாம் 16.7 மில்லி விநாடியில் வந்தன என்றும் வைத்துக்கொள்வோம். ஆடுபவருக்குப் பத்துத் திக்கல்களும் தெளிவாக உறைக்கும். ஆனால் சராசரி 59.6. மொத்தம் ஏறத்தாழ 7,150 ஃபிரேம்களில் பத்து என்பது 0.14 விழுக்காடே என்பதால், 99-ஆம் நூற்றுமானமும் 16.7-ஐத் தாண்டாது. ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் பதிவு செய்தால் மட்டுமே உண்மை தெரியும். அதற்கு இன்டெலின் பிரசென்ட்மான் போதும்:

```
PresentMon.exe --process_name game.exe --timed 120 --v1_metrics --output_file run1.csv
```

முதலில் ஒரே பாதையில் இரண்டு முறை ஓட வேண்டும். முதல் ஓட்டத்தின் ஃபிரேம் நேரத்தில் வந்த முட்கள் இரண்டாவதில் மறைந்தால் ஷேடர்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். அது அவசரம். டெக்ஸ்சர் கோப்புகளும் முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்துவிடுகின்றன. அதனாலும் இரண்டாம் ஓட்டம் மென்மையாகும். எனவே விண்டோஸை ரீஸ்டார்ட் செய்து மூன்றாம் முறை ஓட வேண்டும். நினைவகத்தில் இருந்த கோப்புகள் போய்விடும். வட்டில் உள்ள ஷேடர் கேச் நிற்கும். முட்கள் திரும்பி வந்தால் சந்தேகத்தைக் கோப்பு வாசிப்பின் பக்கம் திருப்பலாம்; வராவிட்டால் ஷேடரின் மேல் வலுவாக வைக்கலாம். மூன்று ஓட்டத்திலும் அதே இடத்தில் முள் நின்றால் கேமின் இயக்கத்திலேயே கோளாறு தேட வேண்டும். 2022-இல் ஸ்டீம் டெக்கில் எல்டன் ரிங் திக்கியபோது, பெரிய திக்கல்களில் பெரும்பகுதிக்கு ஷேடர் காரணமல்ல, சில இடங்களில் கேம் ஆயிரக்கணக்கான கமாண்ட் பஃபர்களை ஒரேயடியாக உருவாக்குவதே காரணம் என்று வால்வ் விளக்கியது. இரு டிரைவர்களை ஒப்பிட விரும்புபவர் ஒவ்வொன்றிலும் இந்த மூன்றாம் ஓட்டத்தை எடுத்து ஒப்பிடட்டும். அதுதான் நியாயமான ஒப்பீடு.

டிரைவரோடு சேர்ந்து வரும் துணை மென்பொருளையும் தனியே விசாரிக்க வேண்டும். 2024 டிசம்பரில், புதிய என்விடியா ஆப்பை நிறுவியவர்களின் கேம்கள் சிலவற்றில் வேகம் 15 விழுக்காடு வரை குறைந்தது தெரியவந்தது. ஓவர்லேயில் இருந்த கேம் ஃபில்டர் வசதியை அணைத்தால் சரியாகும் என்று நிறுவனமே சொன்னது. பின்னணிப் பதிவும் இப்படித்தான். வீடியோவாக்கும் வேலையை ஜிபியூவில் தனிப் பகுதி செய்தாலும், ஒவ்வொரு ஃபிரேமையும் நகலெடுப்பதும் வட்டில் எழுதுவதும் இலவசமாக நடப்பதில்லை. இந்தத் திக்கல் எத்தனை முறை ஓடினாலும் குறையாது. பதிவை அணைத்ததும் போய்விடும். பிரசென்ட்மானின் பதிவுக் கோப்பில் `PresentMode` நெடுவரிசையையும் பார்ப்பது நல்லது. `Hardware: Independent Flip` என்றிருந்தது `Composed: Flip` ஆகியிருந்தால், கேமின் மேல் ஏதோ ஒரு ஜன்னல் உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு வகைத் திக்கலில் முட்களே இருக்காது. டிரைவரை ‘கிளீன் இன்ஸ்டால்’ செய்யும்போது பழைய அமைப்புகள் அழிந்து, மாறும் புதுப்பிப்பு வீதமும் அணைந்துவிடக்கூடும். அப்போது 144 ஹெர்ட்ஸ் திரையில் 60 ஃபிரேம்களைச் சம இடைவெளியில் காட்ட முடியாது. சில ஃபிரேம்கள் இரண்டு புதுப்பிப்புகள் நிற்கும், மற்றவை மூன்று, அதாவது 13.9 மில்லி விநாடி அல்லது 20.8. `MsBetweenPresents` சீராகவே இருக்கும். `MsBetweenDisplayChange` மட்டும் இந்த இரு மதிப்புகளுக்கிடையே ஊசலாடும். இதற்குக் கேச் ஒன்றும் செய்யாது; அணைந்துபோன அமைப்பை மறுபடி இயக்க வேண்டும், அல்லது ஃபிரேம் வரம்பை 72-க்கு மாற்ற வேண்டும்.