டேக்: உலாவியிலா, சர்வரிலா?

2022 ஜூனில் ‘தி மார்க்கப்’ என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. நியூஸ்வீக் தரவரிசையின் முதல் 100 மருத்துவமனைகளில் 33-இன் இணையதளங்களில், நோயாளி மருத்துவரைப் பார்க்க நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தினால் ஃபேஸ்புக்குக்குத் தகவல் போனது. சில தளங்களிலிருந்து மருத்துவரின் பெயரும், பட்டியலில் தேர்ந்தெடுத்த நோயின் பெயரும்கூடச் சென்றன. அனுப்பியது மெட்டா பிக்சல் என்னும் சிறு ஸ்கிரிப்ட். இத்தகைய ஸ்கிரிப்டுகளைச் சேர்க்க இன்று பலரும் கூகுள் டேக் மேனேஜரைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு வழிகள் உண்டு. 2012 முதல் இருப்பது உலாவியில் இயங்கும் வெப் கன்டெய்னர். 2020-இல் வந்தது சர்வர் கன்டெய்னர்.

வெப் கன்டெய்னரில் gtm.js பக்கத்தோடு இறங்குகிறது. பிறகு ஒவ்வொரு டேக்கும் தன் நிறுவனத்தின் ஸ்கிரிப்டை இழுத்துவருகிறது. அது ‘அசிங்க்’ முறையில் வருவதால் பக்கம் தாமதமாகாது என்று பலர் நம்புகிறார்கள். இறங்குவதுதான் காத்திருக்க வைக்காது. இயங்குவது உலாவியின் அதே முதன்மை இழையில்தான். 50 மில்லிசெகண்டுக்கு மேல் ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துக்கொண்டால், அந்த நேரத்தில் பொத்தானைத் தொட்டவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். சோதிப்பது எளிது. குரோம் டெவலப்பர் கருவியில் gtm.js கோரிக்கையைத் தடுத்துவிட்டு ஒருமுறை, தடுக்காமல் ஒருமுறை பெர்ஃபார்மன்ஸ் பதிவு எடுத்து, நீண்ட பணிகளை ஒப்பிட்டால் டேக்குகளின் சுமை தனியாகத் தெரிந்துவிடும்.

தகவல் கசிவு இதைவிட நுட்பமானது. ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் படிவம் /book?dept=onco&email=... என்ற முகவரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிற தளங்களுக்கு முழு முகவரியைத் தராமல் தளப் பெயரை மட்டும் தருவது இன்றைய உலாவிகளின் இயல்பு. ஆனால் அந்தக் காப்பு இங்கே உதவாது. பக்கத்துக்குள் இயங்கும் ஸ்கிரிப்ட் முகவரியைத் தானே படித்து, தன் கோரிக்கையில் சேர்த்து அனுப்பிவிடும். கூகுள் அனலிட்டிக்ஸுக்காவது page_location மதிப்பாக இப்படித் துப்புரவான முகவரியைக் கொடுக்கலாம்:

```
function() {
  return location.origin + location.pathname;
}
```

இதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. அடுத்த பக்கத்துக்குப் போகும்போது, முந்தைய பக்கத்தின் முழு முகவரி page_referrer வழியாக மீண்டும் போய்விடும். அதையும் துடைக்க வேண்டும். மேலும் utm குறிகளும் இதில் அழிந்து, விளம்பரக் கணக்கு குழம்பும். ஆகவே தேவையான குறிகளின் பெயர்களை மட்டும் அனுமதித்து மற்றவற்றை நீக்குவதே சரி. எப்படிச் செய்தாலும் இது அனலிட்டிக்ஸை மட்டுமே கட்டுப்படுத்தும். பக்கத்தில் இருக்கும் வேறொரு பிக்சல் தன் போக்கில் முகவரியைப் படித்துக்கொண்டுதான் இருக்கும்.

சர்வர் கன்டெய்னர் மாறுபடுவது இந்த இடத்தில்தான். உலாவி ஒரே ஒரு தரவோட்டத்தை உங்கள் துணை டொமைனுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து எந்த நிறுவனத்துக்கு எது போக வேண்டும் என்பதை ‘டிரான்ஸ்ஃபர்மேஷன்’ விதிகளால் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். மருத்துவமனை அந்த விதியில் அனுமதிப் பட்டியல் ஒன்றை வைத்து, email-ஐயும் dept-ஐயும் தாங்கிய முகவரியை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டால், கூகுளுக்கும் மெட்டாவுக்கும் ஒரே வடிகட்டியே போதும்.

ஆனால் இது தானாக நடந்துவிடாது. சர்வரில் மெட்டா டேக்கை அமைத்துவிட்டு, உலாவியில் பழைய பிக்சலை அப்படியே விட்டுவைப்பவர்கள் பலர். அப்போது பக்கம் ஒரு துளியும் இலகுவாகாது, கசிவும் நிற்காது. சர்வர் வாடகை மட்டும் கூடும். நெட்வொர்க் தாவலில் connect.facebook.net இன்னும் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். வருகையாளரின் ஐபி முகவரியும் தானாக மறையாது. அனலிட்டிக்ஸ் சர்வர் டேக்கில் அதை நீக்கும் அமைப்பைத் தேடித் தேர்வுசெய்ய வேண்டும். திரைப் பதிவு, வெப்பவரைபடம் போன்ற கருவிகளைச் சர்வருக்கு நகர்த்தவே முடியாது. அவற்றுக்குப் பக்கமே வேண்டும்.

என்னை உறுத்தும் வேறுபாடு இன்னொன்று. வெப் கன்டெய்னரின் கசிவை யாராலும் வெளியிலிருந்து பார்க்க முடியும். 2022-இன் அந்தப் புலனாய்வு சாத்தியமானதே அதனால்தான். சர்வரிலிருந்து மெட்டாவுக்குப் போவதை நோயாளியாலோ நிருபராலோ காண முடியாது. வருகையாளரின் ஒப்புதலைச் சர்வர் மதிக்கிறதா என்பதும் உரிமையாளருக்கே வெளிச்சம்.

எனவே அனலிட்டிக்ஸும் ஒரு விளம்பர டேக்கும் மட்டுமே கொண்ட சிறு தளத்துக்கு, முகவரியைத் துடைத்த வெப் கன்டெய்னரையே பரிந்துரைப்பேன். சர்வர் கன்டெய்னரை கூகுள் கிளவுடில் தடையின்றி நடத்தக் குறைந்தது இரண்டு இன்ஸ்டன்ஸுகளாவது எப்போதும் ஓடவேண்டும். அந்த மாதச் செலவுக்கு ஈடான பயன் அங்கே இல்லை. பல விளம்பர நிறுவனங்களுக்குத் தரவு அனுப்பும் கடைத் தளத்துக்குச் சர்வர் தகும், உலாவியிலிருந்து பிக்சல்களை உண்மையாகவே அகற்றுவதாக இருந்தால். மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்திலோ, இந்த இரண்டில் எதன் வழியாகவும் விளம்பர டேக் இயங்கக் கூடாது.