முசுமுசுக்கையின் இலத்தீன் விகுதி: ஒரு கரிசல் வேலிக்கொடியின் பெயர் வரலாறு

மணியாச்சிப் பக்கம் மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துப் புஞ்சை ஓரம் நடந்தால், உடைமுள் வேலியில் முசுமுசுக்கை படர்ந்திருப்பதைக் காணலாம். இலையைத் தொட்டால் சொரசொரப்பு விரலில் தெரியும். அடைக்கும் துவையலுக்கும் ஆகும் இந்தக் கொடிக்குப் பழைய மூலிகை நூல்களில் ‘முக்கியா மதெராஸ்பதானா’ என்ற இலத்தீன் பெயர் இருக்கும். புதிய பட்டியல்களில் ‘குக்குமிஸ் மதெராஸ்பதானுஸ்’ என்று இருக்கும். முதற்சொல் முழுக்க மாறிவிட்டது. இரண்டாம் சொல்லில் வால் மட்டும் ‘ஆ’விலிருந்து ‘உஸ்’ ஆகியிருக்கிறது. அச்சுப்பிழை என்று பலர் கடந்துவிடும் அந்த வாலின் கதையே இக்கட்டுரை.

பெயரின் வேர் சென்னையில் இருக்கிறது. 1690-களில் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளைக் காயவைத்துத் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை அச்சேற்றினார். லெனார்ட் ப்ளூக்னெட் படங்களோடு வெளியிட்ட தாவர நூல்களிலும் மதராஸ் செடிகள் பல இடம்பெற்றன. அக்காலத்தில் ஒரு செடியின் பெயர் ஒரு வரி நீளத்துக்கு வருணனையாக இருக்கும். அந்த வருணனைக்குள் ‘மதராசப்பட்டினத்தது’ என்ற பொருளில் ஓர் அடைமொழி வந்தது. நம் ‘பட்டணம்’ இலத்தீன் உடுப்பு மாட்டிக்கொண்டு ‘பதான்’ ஆகிவிட்டது. 1753-இல் லின்னேயஸ் அந்த நீளப் பெயர்களை ஒதுக்கி, பேரினத்துக்கு ஒரு சொல், சிற்றினத்துக்கு ஒரு சொல் என்று வகுத்தபோது, இக்கொடியை வெள்ளரிப் பேரினமான குக்குமிஸில் சேர்த்து ‘மதெராஸ்பதானுஸ்’ என்றார்.

ஏன் ‘உஸ்’? தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு இது எளிது. கரியன், கரியள், கரியது என்கிறோம். கருமை ஒன்றே, யாரைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விகுதி மாறுகிறது. இலத்தீனிலும் அடைமொழி தன் பெயர்ச்சொல்லின் பாலுக்கு இணங்கும். ஆண்பாலுக்கு ‘உஸ்’, பெண்பாலுக்கு ‘ஆ’, அலிப்பாலுக்கு ‘உம்’ என்பது பெருவழக்கு. இது சொல்லின் பால் மட்டுமே, செடியின் பால் அல்ல. குக்குமிஸ் என்ற சொல் ஆண்பால், ஆகவே ‘பதானுஸ்’.

1781-இல் லின்னேயஸின் மகன் இதே கொடியைப் பிரியோனியா என்னும் பேரினத்தில் வைத்து ‘ஸ்கப்ரெல்லா’ என்று வேறு பெயரிட்டார். ‘ஸ்கபர்’ என்றால் சொரசொரப்பு; ‘எல்லா’ சிறுமை காட்டும் விகுதி. ‘கொஞ்சம் சொரசொரப்பானவள்’ என்று கொள்ளலாம். முசுமுசுக்கை என்று பெயரிட்ட நம் மூதாட்டியும் அவரும் ஒரே இலையைத்தான் தடவிப் பார்த்திருக்கிறார்கள். 1840-இல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கெனத் தனிப் பேரினம் வகுத்தார். அவர் தேர்ந்த ‘முக்கியா’ என்ற பெயர் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் பதிவான ‘முக்கப்பீரி’ என்ற மலையாளப் பெயரிலிருந்து வந்தது. முக்கியா பெண்பால். 1846-இல் ரோமர், லின்னேயஸின் பழைய அடைமொழியே முந்தியது என்று அதை மீட்டு முக்கியாவுடன் சேர்த்தபோது, அது ‘மதெராஸ்பதானா’ ஆயிற்று. 2007-இல் மரபணு ஒப்பீடு முக்கியாவை வெள்ளரிப் பேரினத்தின் உட்கிளையாகக் காட்டியது. கொடி குக்குமிஸுக்கே திரும்பியது, வாலும் திரும்பியது. முந்திய அடைமொழியே நிலைக்கும், விகுதி மட்டும் புது வீட்டுக்கு ஏற்ப மாறும். பெயர் மாற்றத்தைத் தொடர விரும்பும் தோட்டக்காரர் முதலில் இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கரிசலில் இதற்கு இன்னொரு சான்று, கொழுக்கட்டைப் புல். செங்க்ருஸ் ஆண்பால், பெனிசேட்டும் அலிப்பால். ஆகவே ஒரே புல் ஒரு நூலில் ‘செங்க்ருஸ் சிலியாரிஸ்’, இன்னொன்றில் ‘பெனிசேட்டும் சிலியாரே’. இங்கே ‘உஸ், ஆ, உம்’ வாய்பாடு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘இஸ்’, அலிக்கு ‘ஏ’. ஊர்ப்பெயரிலிருந்து வரும் ‘என்சிஸ்’ விகுதியும் இந்த வாய்பாடுதான்: கரிசல் காட்டில் களையாக முளைக்கும் மேலாநெல்லி, ‘ஃபிலாந்துஸ் மதெராஸ்பதென்சிஸ்’. ‘பதானுஸ்’, ‘பதென்சிஸ்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

கம்புக்கு வந்தால் சங்கடம் பிறக்கிறது. அது நெடுங்காலம் ‘பெனிசேட்டும் கிளாக்கும்’. சாம்பல் படிந்த நீலநிறத்தது என்று பொருள். 2010-இல் பெனிசேட்டும் முழுவதையும் செங்க்ருஸுக்குள் சேர்த்தார்கள். விகுதியை மாற்றிச் ‘செங்க்ருஸ் கிளாக்குஸ்’ என்று எழுதினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்தப் பெயரை நம் தீவனப் புல்லான நீலக் கொழுக்கட்டைப் புல் முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பேரினத்தில் ஒரு பெயர் ஒரு முறைதான். ஆகவே கம்பு, லின்னேயஸ் 1753-இல் வைத்த வேறோர் அடைமொழியைத் தாங்கி ‘செங்க்ருஸ் அமெரிக்கானுஸ்’ ஆகிவிட்டது. ஆப்பிரிக்காவில் பயிராகி இங்கே வந்த தானியத்துக்கு அமெரிக்கப் பெயர்! பெயரை வைத்துப் பூர்வீகம் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தவிர, நீலக் கொழுக்கட்டைப் புல் விதை கேட்பவர் ‘கிளாக்கும்’ என்று எழுதிக் கொடுத்தால் கம்பு விதை வந்து சேரலாம். அங்கே ஒரே ஓர் எழுத்து, பயிரையே மாற்றிவிடும்.

பேரினத்தின் வாலைப் பார்த்தே பாலைத் தீர்மானிக்கவும் முடியாது. புளி ‘தமரிந்துஸ் இந்திகா’, அரசு ‘ஃபிக்குஸ் ரெலிகியோசா’. பேரினம் ‘உஸ்’ஸில் முடிந்தும் அடைமொழி பெண்பால். இலத்தீன்காரர்கள் மரங்களைப் பெண்பாலாகக் கொண்ட பழக்கம் இது. அதையும் முழுக்க நம்பமுடியாது: பனை ‘பொராசுஸ் ஃபிளபெல்லிஃபெர்’, விசிறி தாங்குபவன் என்று ஆண்பாலில் நிற்கிறது. நுங்கு காய்க்கும் பெண்பனைக்கும் அதே ஆண்பாற் பெயர்தான். எனவே பேரினத்தின் பாலை அறிய வேண்டுமானால் அதன் முதல் சொல்லைவிட இரண்டாம் சொல்லே நல்ல சாட்சி.

அந்தச் சாட்சியும் சில வேளை வாய் திறக்காது. அடைமொழி தானே ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் பாலுக்கு இணங்காது. மணியாச்சிக்குத் தெற்கே வல்லநாட்டுக் குன்றில் திரியும் வெளிமானை லின்னேயஸ் 1758-இல் ‘காப்ரா செர்விகாப்ரா’ என்றார். மான்-ஆடு என்று இரண்டு பெயர்களை ஒட்டிய சொல் அது. பிறகு அது ‘அந்திலோப்பே’ பேரினத்துக்குப் போனது. அடைமொழி அப்படியே இருக்கிறது. நல்ல பாம்பு ‘நாஜா நாஜா’. பேரினத்தையே அடைமொழியாக இரட்டிக்க விலங்கியல் விடும், தாவரவியல் விடாது.

ஆள் பெயரும் இப்படித்தான். ‘இஇ’ என்று முடிந்தால் ஓர் ஆணுடையது, ‘இஏ’ என்று முடிந்தால் ஒரு பெண்ணுடையது. ஆறாம் வேற்றுமை ஆதலால் எந்தப் பேரினத்தோடு சேர்ந்தாலும் அசையாது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1771-இல் ஆசிரியர் நம் கறிவேப்பிலைக்கு ‘பெர்கேரா கோனிகிஇ’, அதாவது ‘கோனிக்கின் பெர்கேரா’ என்று பெயரிட்டார். பின்னால் அது ‘முராயா கோனிகிஇ’ ஆயிற்று. தோட்டக்கலை நூல்களில் இன்றும் அதுவே வழக்கு. அண்மைப் பட்டியல்கள் பல முசுமுசுக்கையைப் போலவே இதையும் பழைய பேரினத்துக்கே திருப்பியிருக்கின்றன. பேரினம் போய் வந்ததில் ‘கோனிகிஇ’யின் ஓர் எழுத்தும் மாறவில்லை.