உவமையின் எல்லை: சைவ சித்தாந்தத்தில் இறைமொழியும் மெய்ப்பிப்புச் சிக்கலும்

இறைவனைப் பற்றிய கூற்று எவ்வகைக் கூற்று என்னும் வினா இருபதாம் நூற்றாண்டு மேலைத் தத்துவத்தில் கூர்மை பெற்றது. 1936இல் வெளிவந்த தம் நூலில் ஏ.ஜே. அயர், புலனனுபவத்தால் மெய்ப்பிக்கத்தகாததும் சொற்பொருளளவில் உண்மையாகாததுமான கூற்று பொருளற்றது என்றார். 1950இல் ஆன்டணி ஃபுளூ அதனை வேறு வடிவில் முன்வைத்தார். எந்த நிகழ்ச்சியும் தனக்கு எதிராகாதபடி மேலும் மேலும் வரம்புரைகளால் காக்கப்படும் கூற்று, இறுதியில் எதனையும் கூறாத கூற்றாய்த் தேய்ந்துவிடும் என்பது அவர் வாதம். தமிழ்ச் சைவ சித்தாந்த நூல்கள் இவ்வினாவை வேறு பெயரில் அறிந்திருந்தன. அவை உவமையைக் கையாண்ட முறை இவ்வகையில் ஆராயத்தக்கது.

முதற்கண் உவமைக்கு அவை தந்த தகுதியை நோக்குதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவையியலில், பிறர் பத்து எனவும் விரித்த அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார். அவ்வாறு அடக்கப்பட்டவற்றுள் ஒப்பும் ஒன்று. எனவே உவமை தனித்து நின்று எதனையும் நிறுவும் அளவையாகாது. மெய்கண்டார் சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என அமைத்த வைப்புமுறையிலும் எடுத்துக்காட்டு ஏதுவைப் பின்தொடர்கிறதேயன்றி அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. சித்தாந்தம் உவமைகளால் வாதிடுகிறது என்னும் குறை சில வேளைகளில் கூறப்படுவதுண்டு. அது இவ்வைப்புமுறையை நோக்காமையால் எழுவது.

குயவன் உவமை இதற்குத் தக்க சான்று. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகிற்கு மாயை, சத்தி, சிவன் என்பர். ஆயின் குயவனுக்குக் கை கால் உண்டு. செய்யுந்தொறும் அவன் உழைத்துத் தளர்கிறான். உவமையை முழுதும் கொண்டால் இறைவனும் உடம்புடையவனாய், மாற்றத்திற்குட்பட்டவனாய் முடிவான். இவ்விடத்தில் சித்தாந்தி வேறோர் உவமைக்கு நகர்கிறார். ஒரே கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை அரும்ப, ஒன்று மலர, ஒன்று வாடுகிறது, கதிரவனிடத்து மாற்றமில்லை. ஆனால் கதிரவன் அறிவற்ற பொருள். அது எதனையும் கருதிச் செய்வதில்லை. அக்குறையைக் குயவன் உவமை முன்னரே நிரப்பியுள்ளது. ஓர் உவமையின் மிகை மற்றோர் உவமையால் களையப்படுகிறது.

இம்முறையின் மிகத் தெளிந்த வடிவம் உமாபதி சிவாசாரியாரின் சிவப்பிரகாசப் பாயிரத்தில் உள்ளது. சங்கற்ப நிராகரணத்தைச் சக ஆண்டு 1235இல், அதாவது கி.பி. 1313இல், இயற்றிய அவர் பிற கொள்கைகளின் வேறுபாடுகளை நுணுகி அறிந்தவர். இறைக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பைக் கூறவந்த அவர் முதலில் மூன்று உவமைகளை விலக்குகிறார். பொன்னும் அணியும் போல் என்றால் இரண்டும் ஒரே பொருளாகும். அது அபேதவாதியின் உவமை. இருளும் ஒளியும் போல் என்றால் ஒன்று உள்ள இடத்தில் மற்றொன்று இராது. அது பேதவாதிக்கு உரியது. சொல்லும் பொருளும் போல் என்பது பேதாபேதவாதிக்கு உரியது. இம்மூன்றையும் நீக்கிய பின்னரே உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், அறிவும் ஒளியும் என்னும் வேறு மூன்றைத் தருகிறார்.

ஏற்ற மூன்றும் ஒரே செய்தியின் அடுக்கு அல்ல. உடலும் உயிரும் பிரித்துக் காட்ட இயலாதபடி கலந்து ஒன்றாய் நிற்பவை; ஆயின் இவ்வுவமை மட்டும் நின்றால் உயிரைச் சடப்பொருளாகக் கருத இடமுண்டு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. கதிரொளியின்றி அது காணாது. இதனால் உயிர் இறையினின்று வேறு என்பதும், ஆனால் அதனைச் சார்ந்தே அறிவது என்பதும் பெறப்படும். எனினும் கதிரவன் கண்ணுக்குப் புறத்தே நிற்கிறது. அப்புறநிலையை மூன்றாம் உவமை நீக்குகிறது. கண்ணொளி காணும்போது ஆன்ம அறிவும் உடன்நின்று காண்கிறது. ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்றும் சேர்ந்ததே அத்துவிதம். அச்சொல் ஏகம் என்று பொருள்படாது என மெய்கண்டார் முன்னரே காட்டினார். ஒன்றே உள்ளதாயின் அதனை ஒன்று என்று சுட்டுவார் வேறு இராமையின். சிவஞான முனிவர் அச்சொல்லின் எதிர்மறைக்கு இன்மைப் பொருளன்றி அன்மைப் பொருள் கொண்டதும் இது பற்றியே.

தாமசு அக்குவினாசு இறைவனுக்குரிய சொற்கள் ஒருபொருட் சொல்லாகவும் வேறுபொருட் சொல்லாகவும் நில்லாது ஒப்புமைப் பொருளில் நிற்கும் என்றார். அவர் சிந்தனை 'நல்லவன்' போன்ற தனிச்சொல்லைப் பற்றியது. உமாபதியார் சிந்தனை தொடர்பைக் கூறும் முழுக் கூற்றைப் பற்றியது. இவ்வேறுபாடு போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

குறியீட்டிற்கும் தொன்மத்திற்கும் இதே ஒழுங்கு பொருந்துகிறது. மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் கூத்தனின் உருவத்தை வடிவ வருணனையாக அன்றித் தொழில்களின் பெயராகப் படிக்கிறது. துடி படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். ஆனந்த குமாரசாமி 1918இல் தம் கட்டுரைத் தொகுப்பில் இந்நூலைத் துணைக்கொண்டார். திருமூலரோ முப்புரம் எரித்த கதையை நடந்த நிகழ்ச்சியாக உரைப்பாரை அறியாதவர் எனக் கடிந்து, முப்புரமாவது மும்மல காரியம் என்கிறார். 1941இல் ருடால்ஃப் புல்ட்மன் புதிய ஏற்பாட்டைத் தொன்மநீக்கம் செய்ய முனைந்ததனோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும் திருமூலர் அறிவியலுக்கு இடமளிக்கும் பொருட்டு இதனைச் செய்யவில்லை. கதையைக் கேட்பவன் தன்னுள் எரியவேண்டியதைக் காணுதற்காகச் செய்தார்.

இனி ஃபுளூவின் வினா. ஓர் உவமையை மற்றொன்று திருத்த, அதனைப் பிறிதொன்று திருத்துமாயின், அவர் கூறிய தேய்வு இதுவேயன்றோ? ஒரு பகுதிக்கு விடை உண்டு. உமாபதியார் கூற்று மூன்று நிலைப்பாடுகளைப் பெயர் சுட்டி மறுக்கிறது. உயிர் முத்தியில் இறையாகவே ஆகிவிடும் என்பதனை அது ஏலாது. சிலவற்றை விலக்கும் கூற்று வெறுமையானதன்று. ஆனால் அது விலக்குபவை பிற கொள்கைகளே. காணத்தக்க நிகழ்ச்சி எதனையேனும் விலக்குகிறதா என்பது வேறு வினா.

சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம் இச்சிக்கலை இருதலைப் பொறியாகவே வகுத்துக்கொள்கிறது. சுட்டி அறியப்படுவது எதுவும் மாறுவது, ஆதலின் அசத்து. எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள். சிவம் இவ்விரண்டும் அன்று என்பது முடிபு. சுட்டறிவுக்கு எட்டாதது பதிஞானத்திற்கு எட்டும் என்பதனை ஒன்பதாம் சூத்திரம் கூறும். காண்டல் ஒன்றே அளவை என்னும் உலகாயதனைச் சித்தியார் பரபக்கம் மறுக்கிறது. ஆயின் கருதலளவையை ஏற்கும் அயரும் ஃபுளூவும் உலகாயதர் அல்லர். அம்மறுப்பை அவர்மேல் அப்படியே ஏவுதல் பயனற்றது.

ஜான் ஹிக் 1960இல், சமயக் கூற்று இறப்பிற்குப் பின் மெய்ப்பிக்கப்படலாம், ஆனால் பொய்ப்பிக்கப்பட இயலாது என்றார். சித்தாந்தம் அவ்வளவு காத்திருப்பதில்லை. சீவன்முத்தன் இவ்வுடம்பிலேயே அறிவான் என்கிறது. இது துணிந்த உரிமைக்கோரல். அவ்வறிவு வாய்க்காதவனை நோக்கி, மலபரிபாகம் இன்னும் எய்தவில்லை என விடையிறுக்கும்போதோ கூற்று மீண்டும் பொய்ப்பிக்கத்தகாத நிலைக்குத் திரும்புகிறது. பக்குவத்தை அனுபவத்திற்கு முன்னரே வேறோர் அடையாளத்தால் அறியக்கூடுமாயின் இவ்வட்டம் உடையும். சத்திநிபாதத்தின் நால்வகைத் தரங்களுக்கு நூல்கள் கூறும் ஒழுகலாற்று அடையாளங்கள் அத்தகைய சான்றாகுமா என்பது இன்னும் முறையாக ஆராயப்பட வேண்டியதாக உள்ளது.