எப்.ஐ. பைக்கும் கார்புரேட்டர் பைக்கும்: திருப்பூர்ப் பழைய வண்டிச் சந்தையில்

கொங்கு வட்டாரத்தில் பழைய பைக் வாங்கி விற்கும் கடைக்கு ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்று பெயர். திருப்பூரில் அப்படி ஒரு கடையின் முன்னால் டி.என்.39, டி.என்.42 எண் பலகைகளோடு வரிசையாக நிற்கும் வண்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது 2020 ஏப்ரல் 1 என்ற தேதி. அன்றுமுதல் பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட புது வண்டிகளை மட்டுமே விற்கலாம் என்று ஆனது. அதற்கு முன் வந்த 100, 110 சிசி வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரில் ஓடுபவை. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை ‘எப்.ஐ.’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு கொண்டவை. ஹீரோ ஸ்பிளெண்டரும் மூட்டை ஏற்றும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.100-ம் அந்த மாற்றத்தோடுதான் எப்.ஐ. ஆயின.

இந்தப் பிரிவுக்கு விலக்குகளும் உண்டு. ஹீரோ ஹோண்டா 2006-லேயே கிளாமர் எப்.ஐ.யை விற்றது. யமஹா ஆர்15 வந்தபோதே எப்.ஐ. வண்டிதான். மறுபக்கம், பஜாஜ் சில சிறிய பி.எஸ்.6 வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு கூடிய கார்புரேட்டரையே வைத்தது. அதனால் வண்டி எந்த ஆண்டினது என்பதோடு நிறுத்தாமல், ஆர்.சி.யில் உள்ள மாசு விதியையும் உற்பத்தி மாதத்தையும் பார்த்து, இன்ஜின் பக்கம் குனிந்து கண்ணாலும் பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் கிண்ணம் கீழே தொங்கினால் அது கார்புரேட்டர். கிண்ணமே இல்லாமல், ஒயர் செருகிய இன்ஜெக்டர் இன்ஜின் தலையருகே இருந்தால் அது எப்.ஐ.

இரண்டும் வேலை செய்யும் விதம்

கார்புரேட்டருக்கு மின்சாரம் வேண்டியதில்லை. இன்ஜின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ‘ஜெட்’ என்னும் நுண்துளை வழியாக மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைத் துளையின் அளவும் ஊசியின் உயரமும் தீர்மானிக்கின்றன. வெயிலானாலும் பனியானாலும் அந்த அளவு தானாக மாறாது.

எப்.ஐ. வண்டியில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்பம்பு மூழ்கிக் கிடக்கிறது. அது பெட்ரோலை ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில், அதாவது பைக் டயரில் அடிக்கும் காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தில், இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. இன்ஜின் சூடு, உள்ளே வரும் காற்று, ஆக்சிலேட்டர் திறந்திருக்கும் அளவு, புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் சொல்ல, ஒரு சிறு கணினி ஒவ்வொரு சுற்றுக்கும் பீய்ச்ச வேண்டிய அளவைக் கணக்கிடுகிறது. ஸ்டார்ட்டிங், மைலேஜ், பழுது மூன்றிலும் தெரியும் வேறுபாடு இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஸ்டார்ட்டிங்: தீபாவளி விடுமுறை வைக்கும் சோதனை

தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் மூடும். தென்மாவட்டங்களிலிருந்து வந்து டெய்லராக, செக்கிங் ஆளாக, பேக்கிங் ஆளாக வேலை பார்ப்பவர்கள் வண்டியை வாடகை வீட்டு வாசலில் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறார்கள். திரும்பி வந்து கிக்கரை மிதிக்கும் காலைதான் இரண்டு வகை வண்டிக்கும் சோதனை.

கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின் போன்ற கறையை விட்டுச் செல்கிறது. வண்டி மெதுவாக நின்று ஓடும்போது பெட்ரோல் தரும் ‘ஸ்லோ ஜெட்’டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் முதலில் அடைபடுவது அதுதான். சோக் இழுத்தால் வண்டி பிடிக்கும், சோக்கைத் தள்ளியதும் அணைந்துவிடும். ஐடிலிங் நிற்காது. ஆனால் பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் இவ்வகைச் சிறு வண்டிகள் பல கிக்கரில் எழுந்துவிடும்.

எப்.ஐ. வண்டிக்குச் சோக்கே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருப்பதைச் சென்சார் சொன்னதும் கணினியே பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது. மார்கழிக் காலையிலும் செல்ஃப் பட்டனை ஒருமுறை தொட்டால் போதும். அதற்கு ஈடாக அது கேட்பது நல்ல பேட்டரி. பேட்டரி இறங்கிப்போனால் பம்பு அழுத்தம் ஏற்றாது, கணினி விழிக்காது. எத்தனை முறை கிக்கரை மிதித்தாலும் வண்டி அசையாமல் நிற்கக்கூடும். ‘இன்ஜின் போச்சு’ என்று மலிவாக விற்கப்படும் வண்டியில், மாற்ற வேண்டியது பேட்டரி மட்டும் என்று இருப்பதும் உண்டு.

மைலேஜ்: ஒரு கணக்கு

எச்.எஃப். டீலக்ஸ் எப்.ஐ. வந்தபோது, பழைய வண்டியைவிட 9 சதவீதம் கூடுதல் மைலேஜ் என்று ஹீரோ விளம்பரம் செய்தது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பல்லடத்திலிருந்து திருப்பூர் வந்து போகும் ஒருவரின் செலவைப் பார்க்கலாம். போகவர நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 வேலை நாள் என்றால் 780 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் வண்டி லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுத்தால் 14.2 லிட்டர் வேண்டும். எப்.ஐ. வண்டி 60 கொடுத்தால் 13 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் மிச்சமாவது ஏறத்தாழ 120 ரூபாய், ஆண்டுக்கு 1,440 ரூபாய்.

இது இரண்டு வண்டியும் நல்ல நிலையில் இருக்கும்போது. பழைய சந்தையில் நிற்கும் கார்புரேட்டர் பெரும்பாலும் பலர் கைபட்டது. அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தினால் அடைப்பு போகும், கூடவே துளையும் பெரிதாகிவிடும். அதன்பின் எந்த ஸ்குரூவைத் திருகினாலும் பழைய மைலேஜ் திரும்பாது. பெட்ரோலாலும் காற்றாலும் சுத்தம் செய்வதுதான் முறை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்: முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி, கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளுக்கு வந்து, இப்போது எங்கும் அதுவே கிடைக்கிறது. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் இரண்டு வகை வண்டிக்குமே மைலேஜ் சற்று இறங்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள எப்.ஐ. வண்டி பீய்ச்சும் அளவை ஓரளவு கூட்டிச் சமாளிக்கிறது. துளை அளவு மாறாத கார்புரேட்டருக்கு அந்த வழி இல்லை. பழைய வண்டியின் ரப்பர் வாஷரும் பெட்ரோல் டியூபும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டியூப் உப்பியோ வெடித்தோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பழுது: எங்கே, எவ்வளவு

கார்புரேட்டரின் பழுது அடிக்கடி வரும், செலவு குறைவு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர் தெருமுனைக் கடையில் வண்டியை விட்டால், கழற்றிக் கழுவி மாட்ட ஒரு மணி நேரம் போதும். வாஷர், ஜெட், மிதவை ஊசி அடங்கிய கிட் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். கிண்ணத்தின் டியூபிலிருந்து பெட்ரோல் சொட்டினால் மிதவை ஊசி தேய்ந்திருக்கிறது அல்லது அதில் தூசி சிக்கியிருக்கிறது. ஊருக்கு எடுத்துப் போனாலும் அங்குள்ள மெக்கானிக்குக்கு இந்த வேலை தெரிந்திருக்கும்.

எப்.ஐ. பழுது அரிது. வந்தால் பில் பெரிது. பம்பு முழுதாக மாற்ற வேண்டிவந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதாவது மேலே கணக்கிட்ட ஓரிரண்டு ஆண்டு மிச்சம் ஒரே நாளில் போய்விடும். பம்பு கெடுவதற்கு ஒரு காரணம் ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் பெட்ரோல் போடும் வழக்கம். பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான். டேங்க் எப்போதும் அடிமட்டத்தில் இருந்தால் பம்பு சூடாகிறது, அடியில் தங்கிய துருவும் தண்ணீரும் அதற்குள் போகின்றன. சென்சார், ஒயரிங் பழுதுகளைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் இல்லாத கடையில் குத்துமதிப்பாக ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தால் செலவு ஏறிக்கொண்டே போகும்.

இந்தச் செலவுக்குப் பயந்து எப்.ஐ.யைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் பொருத்திய வண்டியை வாங்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

வாங்கும்போது பார்க்கும் முறை

எந்த வண்டியானாலும் பார்க்கப் போவதற்கு முன் போனில் சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: “ஏனுங்கண்ணா, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிப்போடாதீங்க.” போனதும் இன்ஜின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், காலை ஸ்டார்ட்டிங் எப்படி இருக்கும் என்பது அன்று தெரியாது. வேறொரு நாள் வருவதே சரி.

கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்து இரண்டு மூன்று கிக்கில் பிடிக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் சோக்கை முழுதாகத் தள்ளிய பிறகும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் சீராக ஓட வேண்டும். ஐடிலிங் வழக்கத்தைவிட வேகமாக இருந்தால் அடைப்பை மறைக்க ஸ்குரூவை ஏற்றி வைத்திருக்கலாம்.

எப்.ஐ. வண்டியில் சாவியை மட்டும் திருப்பிவிட்டு டேங்கிடம் காதை வைக்க வேண்டும். பம்பு இரண்டு மூன்று விநாடி மெல்ல முனகி நிற்கும். சத்தமே இல்லாவிட்டாலும், கரகரப்பாகக் கேட்டாலும் பம்பைச் சந்தேகிக்கலாம். அதே நேரம் மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கணினி ஒரு பழுதைப் பதிந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். சில பழுதுகள் வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் விளக்கை ஏற்றும். ஆகவே பத்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, டேங்கில் எப்போதும் ஓரிரு லிட்டர் வைத்திருக்கக் கூடியவருக்கு எப்.ஐ. வண்டி ஏற்றது. கம்பெனிக்கு அருகிலேயே தங்கி வாரத்தில் சில நாள் மட்டும் வண்டி எடுப்பவருக்கு, பலர் கைபடாத கார்புரேட்டர் வண்டி இன்றைக்கும் குறைந்த செலவில் ஓடும்.