வரம்பு

வயலைப் பிரிக்கும் மண்மேட்டுக்கு வரம்பு என்று பெயர், பேச்சில் வரப்பு. எல்லை என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒப்பந்தத்தில் ‘வேலை வரம்பு’ என்றால், எதுவரை நம் பொறுப்பு என்பது.

ஆம்பூர்த் தோல் ஆலை ஒன்றுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேசியது சதுர அடிக் கணக்கு. பாதி வேலையில், ஏற்றுமதிக்குச் சதுர டெசிமீட்டரும் வேண்டும் என்கிறார் முதலாளி. ஒரு சதுர அடி சுமார் 9.29 சதுர டெசிமீட்டர், பெருக்குவது எளிது. ஆனால் பில், விலைப்பட்டியல், பழைய இருப்பு எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அப்போது எழுதும் பதில் இது:

“ஐயா, செய்து தருகிறோம். இது ஒப்பந்த வரம்புக்கு வெளியே வருகிறது. கூடுதலாக 6 நாள் வேலை, நாளுக்கு 4,000 வீதம் 24,000 ரூபாய். ஒப்படைப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும். எழுத்தில் சம்மதம் தந்ததும் தொடங்குகிறோம்.”

தொகையையும் நாளையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.